கூட்டாஞ்சோறு: மரச் சொப்புச் சாமான்

(முன்பக்கம்)

டொக் டொக்! யாரது?

கரடி பொம்மைக்கு ஒரே பசியாம்! பின்னாலேயே தாத்தாவும் வந்துட்டார், அவருக்குப் பூவரச இலை தோசைதான் வேணுமாம், அதுவும் முறுகலா!

மஞ்சள் அடுப்பை "உஃப்"னு ஊது. நீலப் பானையை ஏத்து. அரிசி எங்கே? மண்ணுதான் அரிசி! உலக்கையை எடுத்து டங்கு டங்குன்னு குத்து, அம்மியில் காய்ந்த இலையை வைத்து அரை அரை அரை... சட்னி ரெடி!

இன்னைக்கு நீதான் சமையல்காரர். யாரையெல்லாம் சாப்பிடக் கூப்பிடப் போறே?

உள்ளே 12 சாமான். 3 வயதுக்கு மேல்.

(பின்பக்கம்)

அம்மா அப்பாவுக்கு,

பிள்ளை கையில் கிடைத்ததை வாயில் வைக்கும், அதைத் தடுக்க முடியாது என்று தெரிந்துதான் இதைச் செய்திருக்கிறோம். மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் தாழை மடலால் தேய்த்தால் இந்தப் பளபளப்பு வரும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் கிடையாது. மஞ்சள் நிறம் சமையலறை மஞ்சள், நீலம் அவுரி.

இந்தியாவில் 1.1.2021 முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாடு கட்டாயம். பெட்டியின் மேல் மூலையில் உள்ள ஐஎஸ்ஐ முத்திரை IS 9873 தரத்துக்கானது. நிறப்பூச்சிலிருந்து கசியும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. காட்மியம், பாதரசம், ஆர்சனிக் போன்றவற்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

தொண்டையில் சிக்கும் அளவைப் பார்க்க 31.7 மி.மீ. அகலமுள்ள ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. எங்கள் கரண்டிகூட அதற்குள் முழுதாக அடங்காது. அப்படியிருந்தும் 3 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பது உலக்கைக்காக: முனையை உருட்டித்தான் விட்டிருக்கிறோம், ஆனால் நடை பழகும் குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டு விழுந்தால் அண்ணத்தில் குத்திவிடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உலக்கையையும் கரண்டியையும் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள்.

பிளாஸ்டிக் உறை இல்லை. எல்லாம் ஒரு பருத்திப் பையில் இருக்கும், கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அதில் கயிறும் வைக்கவில்லை.

மண்ணில் விளையாடி வந்தால் ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வெந்நீரில் கழுவாதீர்கள், உச்சிவெயிலில் போடாதீர்கள், சூட்டில் அரக்கு இளகிவிடும். நிஜ அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

வாரம் ஒருமுறை ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். விரிசலோ சிலும்போ தட்டுப்பட்டால் அந்தச் சாமானை உடனே எடுத்துவிட்டு, வாங்கிய கடையில் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.