இருபது நிமிடம்

தாமோதரன் எழுதி வைத்திருந்த முதல் வடிவம் ஒரே வரிதான்: "வணக்கம் மேடம், நேரம் இருக்கும்போது உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்."

அதை அவன் அலுவலக அரட்டைச் செயலியில் எழுதவில்லை. அங்கே எழுதத் தொடங்கினால் எதிர்முனையில் 'தட்டச்சு செய்கிறார்' என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதும், புதிய வரிக்காகத் தட்டும் என்டர் விசை பாதிச் செய்தியையே அனுப்பிவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். எனவே நோட்பேடைத் திறந்து, அதன் அளவை விரல் நீளத்துக்குச் சுருக்கி, திரையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்து எழுதினான். பக்கத்து இருக்கையில் இருந்து பார்ப்பவருக்கு அவன் ஏதோ கணக்குக் குறிப்பு எடுப்பதுபோல் தெரியும்.

அந்த வரியை வசந்தி மேடத்தின் இடத்தில் இருந்து படித்துப் பார்த்தபோது அவனுக்கே பகீரென்றது. சென்ற மாதம் வேலையை விட்டுப் போனவரும் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டிருந்தான். என்ன விஷயம் என்று சொல்லாத செய்தியைப் படிப்பவர் அதை ராஜினாமா என்றோ, யார்மீதோ புகார் என்றோதான் எடுத்துக்கொள்வார். அவன் கேட்க நினைத்தது இரண்டும் அல்ல.

வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் பிரிவில் அவன் வேலை பார்த்தான். ரசீதும் விண்ணப்பமும் பொருந்தினால் ஒப்புதல் தரலாம். பொருந்தாவிட்டால், பிணக்குள்ள கோப்பு என்று குறியிட்டு மூத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு அவன் கடமை முடிந்தது. ஆனால் சில மாதங்களாக, ஒவ்வொரு கோப்பையும் மேலே அனுப்பும் முன் தானாக இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பான் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, இறுதி முடிவு வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு வந்தான். பெரும்பாலும் பொருந்தின. பொருந்தாத கோப்புகளே அவனுடைய தூக்கத்தைக் கெடுத்தன, ஏனெனில் முடிவு மட்டும்தான் கீழே வரும், காரணம் வராது. அந்தக் காரணங்களைக் கேட்க வேண்டும். முடிந்தால் அந்த வேலையைத் தனக்கும் கற்றுத்தரும்படி கேட்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தின் முடிவில் "வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று மேடம் கேட்கத்தான் செய்வார். தாமோதரன் மைக்கைத் திறப்பதற்குள் எல்லோரும் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று சொல்ல முடியாது, அவன்தான் தாமதம்.

அடுத்த வடிவம் நீண்டது.

"வணக்கம் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். நீங்கள் மிகவும் பணிச்சுமையோடு இருப்பீர்கள் என்று தெரியும். இது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஆனாலும் உங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால், தவறாக நினைக்க மாட்டீர்கள் என்றால், என் வேலை சம்பந்தமாக ஒரு சிறிய சந்தேகம்..."

மேடம் செய்திகளைப் பெரும்பாலும் கைபேசியில்தான் பார்ப்பார். அங்கே அறிவிப்பில் முதல் வரி மட்டுமே தெரியும். அந்த முதல் வரியில் இருந்ததோ வணக்கமும் மன்னிப்பும் மட்டும். போதாக்குறைக்கு, பெரிய விஷயம் இல்லை என்று எழுதியிருந்தது பொய். பெரிய விஷயமாக இல்லாவிட்டால் மதியம் முழுவதும் இதை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருப்பானா?

எதிர் இருக்கையில் இருந்த சகாயராஜ் அண்ணன் கிளம்பும்போது அவனைக் கவனித்துவிட்டார்.

"என்ன தம்பி, இன்னும் கோப்பு முடியவில்லையா?"

"இல்லை அண்ணா. மேடத்திடம் தனியாகப் பேச நேரம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்றுதான்..."

"நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே?"

தாமோதரன் பதில் சொல்லவில்லை. அவனால் அது முடியும் என்றால் நோட்பேடு எதற்கு? சகாயராஜுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்போது. இந்த மூன்றும் இருந்தால் அவர்கள் உடனே பதில் போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளி வைத்து மறந்துபோவார்கள். கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, மறதிதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நிமிடம் என்று கேட்டதும் சரியில்லை என்று அப்போதுதான் தோன்றியது. மூன்று கோப்புகளைப் பற்றிப் பேசவே கால் மணி நேரம் ஆகும். குறைவாகக் கேட்டுவிட்டு அதிகமாக எடுத்துக்கொள்வது பணிவாகாது.

ஆள் நடமாட்டம் இல்லாத மாடிப்படியில் நின்று புதிய வடிவத்தை வாய்விட்டுப் படித்தான். "கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்ற இடத்தில் குரல் தடுமாறியது. உடனே அதைக் "கற்றுக்கொள்ள வாய்ப்பிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று மாற்றிப் படித்தான். தடுமாற்றம் போய்விட்டது, ஆனால் கூடவே விருப்பமும் போய்விட்டதுபோல் இருந்தது. மறுபடியும் பழைய சொல்லையே வைத்து, தடுமாறாமல் வரும்வரை அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். மேலிருந்து யாரோ இறங்கி வரும் ஓசை கேட்டதும் கைபேசியைக் காதில் வைத்து, "சரி, சரி, பிறகு கூப்பிடுகிறேன்" என்று இல்லாத ஒருவரிடம் சொன்னான்.

இருக்கைக்குத் திரும்பியபோது நோட்பேடில் இருந்தது இது:

"வணக்கம் மேடம். பிணக்குள்ள கோப்புகளைக் கையாளக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். அது பற்றி உங்களுடன் தனியாக 20 நிமிடம் பேச வேண்டும். மேலே அனுப்பும் ஒவ்வொரு கோப்புக்கும் என் முடிவைக் குறித்து வைத்து, இறுதி முடிவோடு ஒப்பிட்டு வருகிறேன். சிலவற்றில் இரண்டும் ஏன் மாறுபடுகின்றன என்பது எனக்குப் புரியவில்லை. அவற்றில் மூன்று கோப்புகளின் விவரத்தை முன்கூட்டியே அனுப்புகிறேன். புதன் அல்லது வியாழன் பிற்பகல் உங்களுக்கு வசதிப்படுமா? அவசரம் இல்லை, அடுத்த வாரமானாலும் சரி. தாமோதரன்."

தன் பெயர் செயலியிலேயே தெரியும் என்பது நினைவுக்கு வரவே கடைசிச் சொல்லை நீக்கினான். பிறகு நகலெடுத்து, ஒட்டி, மேடத்தின் பெயர்தானா என்று இருமுறை சரிபார்த்து அனுப்பினான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று நினைத்தான். எழுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நல்லது தாமோதரன். வியாழன் 4 மணி. 20 போதாது, 45 நிமிடம் வைத்துக்கொள்வோம். எனக்கும் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்."

முதல் இரண்டு வாக்கியங்களும் தந்த நிம்மதி கடைசி வாக்கியத்தில் கரைந்துபோனது. ஒரு விஷயம். என்ன விஷயம்? நேற்றைய ஒப்புதல்களில் ஏதாவது பிசகா? வியாழனுக்கு இன்னும் இரண்டு இரவுகள் இருந்தன. நோட்பேடைத் திறக்க மறந்து, செயலியிலேயே நேராகத் தட்டச்சு செய்து அனுப்பியும்விட்டான்: "சரி மேடம். அது எதைப் பற்றி என்று சொன்னால் நானும் தயாராக வருவேன்."

'தட்டச்சு செய்கிறார்' என்று இப்போது அவன் திரையில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"அடடா, பயமுறுத்திவிட்டேனா? உங்கள் விடுப்பைப் பற்றித்தான். சேர்ந்ததில் இருந்து ஒரு நாள்கூட எடுக்கவில்லை என்று மனிதவளத்தில் இருந்து கேட்கிறார்கள். எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று யோசித்து வாருங்கள். அந்த மூன்று கோப்புகளை இன்றே அனுப்புங்கள், படித்துவிட்டு வருகிறேன்."

தாமோதரன் நோட்டை எடுத்து, கோப்பு எண்களைத் தேட ஆரம்பித்தான்.