மொட்டைமாடியைப் பாவிக்க அனுமதி கோரல்

வீட்டு இலக்கம் 7,
இரண்டாம் மாடி,
வவுனியா.
2025.06.22

செயலாளர்,
தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம்,
வவுனியா.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா,

எங்கள் மகளுக்குக் கீழ்முரசில் இரண்டு பல் வந்துவிட்டது. ஆடி பிறக்க முன்னம் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிவிட வேண்டும் என்று முள்ளியவளையில் இருக்கிற அம்மம்மா சொல்கிறா. 06.07.2025 ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணியிலிருந்து 7.30 வரை மொட்டைமாடியைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் குடியிருப்பு ஆட்களையும் சேர்த்து 45 பேர் வரையில் வருவார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பேர் இருந்தாலே நெருக்கம்.

சங்கத்தின் நிபந்தனைகளை வாசித்தேன், எல்லாவற்றுக்கும் சம்மதம். முற்பணம் 10,000 ரூபாவை அனுமதி கிடைத்த அன்றே கட்டிவிடுகிறேன். ஒலிபெருக்கி இல்லை. நான்காம் மாடிப் பிள்ளை ஆகஸ்ட் மாதப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறது, அதனால் பாட்டும் போடமாட்டோம். கொழுக்கட்டையை வீட்டிலேயே அவித்துக் கொண்டுவருவோம். மேலே அடுப்பு மூட்டுவதில்லை. இப்போது சோளகம் பலமாக வீசுவதால் தகரப்பந்தலும் வேண்டாம். நிலத்தில் ஆணி அடிக்காமல், பாயும் வாடகைக் கதிரையும் மட்டும் போடுவோம். கைப்பிடிச் சுவர் பதிவு என்பதால் சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் என் தம்பியும் மச்சானும் நிற்பார்கள். தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஒருவரும் போகாமல் கயிறு கட்டுவோம்.

எனக்கு உண்மையில் யோசனை, மழைநீர்க் குழாயைப் பற்றித்தான். பிள்ளையின் தலையில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டும்போது கொழுக்கட்டையும் தேங்காய்ச் சொட்டும் நாலாபக்கமும் உருளும். போன வருடம் ஒரு விருந்துக்குப் பிறகு குழாய் வாயில் சோறு அடைத்து, மேல்மாடி வீட்டுச் சீலிங்கில் தண்ணீர் ஊறியதை நானும் பார்த்தேன். அதனால் இரண்டு குழாய் வாய்க்கும் முதல்நாளே கம்பிவலை வைத்து, கொட்டும் இடத்தில் பெரிய படங்கு விரிப்போம். முடிந்ததும் படங்கோடு மடித்து எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது.

அன்றிரவே கூட்டி, தேங்காய்ப்பால் பிசுக்குப் போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவோம். படிக்கட்டும் எங்கள் பொறுப்பு. சாப்பாட்டு மிச்சத்தை மேலே வைத்தால் விடிய முன்னம் காகம் கிளறிவிடும், ஆகவே மாநகர சபை வண்டி வரும்வரை மூடியிட்ட வாளியில் எங்கள் வீட்டிலேயே வைத்திருப்போம். நுளம்பு பெருகாமல் சிதறிக் கிடக்கும் கோப்பைகளையும் பொறுக்கிவிடுவோம். திங்கள் காலை 7 மணிக்கு நீங்களோ காவலாளி அண்ணையோ வந்து பார்த்துத் திறப்பை வாங்கலாம். ஏதும் சேதம் இருந்தால் முற்பணத்தில் கழியுங்கள். போதாவிட்டால் மிச்சத்தைத் தருகிறேன்.

அன்றைக்கு உடுப்புக் காயப்போடுகிறவர்களிடம் நானே வீடுவீடாகப் போய்ச் சொல்லி, அப்படியே நிகழ்வுக்கும் கூப்பிடுகிறேன். நீங்களும் குடும்பத்தோடு வரவேண்டும்.

கதிரைக்காரருக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் வியாழக்கிழமைக்குள் பதில் தந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
சி. ரஜனி