ஆகஸ்ட் 2023 நடப்பு நிகழ்வுகள் – குரூப் 2, வேலூர் படிப்பு வட்டம்

இந்த மாதம் ஒட்டிய நறுக்குகளில் பாதி சந்திரயான்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

அறிவியல்: ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெதுவாகத் தரையிறங்கியது. அங்கே இறங்கிய முதல் நாடு இந்தியா, ஆனால் நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய நாடுகளில் நான்காவது; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லேண்டர் விக்ரம், ரோவர் பிரக்யான். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர், எனக்கு அதில் அத்தனை பெருமை.

அரசியலமைப்பு: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2017 புட்டசாமி தீர்ப்பு, பிரிவு 21, இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

தமிழ்நாடு நிர்வாகம்: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவாக்கம், 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. முதல் தொடக்கம் 2022 செப்டம்பர் 15, மதுரை.

விளையாட்டு: நீரஜ் சோப்ரா, புடாபெஸ்ட், 88.17 மீட்டர், தங்கம். பாகு உலகக்கோப்பை செஸ்ஸில் பிரக்ஞானந்தா இரண்டாமிடம்.

அப்புறம், பிப்ரவரி நோட்டில் ஒட்டிய நம்ம இலவம்பாடி முள் கத்தரிக்காய் புவிசார் குறியீட்டை இன்னொரு முறை புரட்டுங்கள்.