கல்விக் கடன் வட்டிச் சான்றிதழ் கேட்டு வங்கிக் கிளை மேலாளருக்குக் கடிதம்

சென்னை,
18.06.2025

கிளை மேலாளர் அவர்களுக்கு,
தில்லைநகர் கிளை, திருச்சி.

பொருள்: கல்விக் கடனுக்கு 2024-25 நிதியாண்டில் நான் கட்டிய வட்டிக்கான இறுதிச் சான்றிதழ், என் பெயரும் சேர்த்து வேண்டும்.
கடன் கணக்கு எண்: கடைசி நான்கு இலக்கங்கள் 4417 (முழு எண் இணைப்பில் உள்ள அனுமதிக் கடித நகலில் இருக்கிறது)

வணக்கம்.

நான் மு. நந்தினி. உங்கள் கிளையில் 19.08.2019 அன்று எனக்கு 6,00,000 ரூபாய் கல்விக் கடன் அனுமதியானது. கோயம்புத்தூரில் பொறியியல் படித்து 2023 மே மாதம் முடித்தேன், இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருட மொரட்டோரியமும் முடிந்து 2024 ஜூன் முதல் மாதம் 10,600 ரூபாய் தவணை போய்க்கொண்டிருக்கிறது. ஒரு தவணைகூடத் தவறவில்லை. எல்லாமே என் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகிறது.

எனக்கு வேண்டியது, 01.04.2024 முதல் 31.03.2025 வரை இந்தக் கடனுக்கு நான் உண்மையில் கட்டிய வட்டி எவ்வளவு என்று கிளையின் முத்திரை, கையொப்பத்தோடு ஒரு சான்றிதழ். வருமான வரிச் சட்டம் 80இ பிரிவில் கழிவு கேட்கத்தான் இது. போன வாரம் அப்பா கிளைக்கு வந்து கேட்டபோது, செயலியில் போய் நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளை ஜனவரியிலேயே எடுத்தாயிற்று. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முதல் சிக்கல், பெயர். செயலியில் வந்த தாளில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது, என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. இது எப்படி வந்தது என்பது எனக்குப் புரிகிறது. கடன் வாங்கியபோது எனக்கு 17 வயது, மைனர் என்பதால் அப்பா முருகேசன் பெயரை முதலில் போட்டுக் கணக்கைத் திறந்தார்கள். 2020-இல் எனக்கு 18 முடிந்ததும் என்னைக் கிளைக்கு வரச் சொல்லி, கடனை நான் ஏற்றுக்கொள்வதாக ஒரு உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். அதன் நகல் எங்களிடம் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் பெயர் மாறவே இல்லை. கடனைப் பொறுத்தவரை நானும் கடன்தாரர்தான், பணம் கட்டுவதும் நான்தான், சான்றிதழில் மட்டும் நான் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஜனவரியில் வரிச் சேமிப்பு ஆவணங்கள் கேட்டபோது இந்தத் தாளைக் கொடுத்தேன், உங்கள் பெயர் இல்லையே என்று திருப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விளைவு, 80இ கழிவு இல்லாமலே சம்பளத்தில் வரி பிடித்தாயிற்று, படிவம் 16-இலும் அப்படியே வந்துவிட்டது. இனி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கினால்தான் உண்டு.

இரண்டாவது, தொகை. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். செயலித் தாளில் வட்டி 75,160 ரூபாய் என்று இருக்கிறது, அடியில் சின்ன எழுத்தில் தற்காலிகமானது என்றும் போட்டிருக்கிறது. கணக்கு அறிக்கையை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மொரட்டோரியத்தில் இருந்தவை, அந்த மாதங்களில் தலா 5,000 ரூபாய் வட்டி கணக்கில் ஏறியிருக்கிறது, ஆனால் நான் ஒரு ரூபாய் கட்டவில்லை. அது மொரட்டோரியத்தில் சேர்ந்த மற்ற வட்டியோடு சேர்ந்து நிலுவையில் ஏறிவிட்டது, அப்படித்தான் ஜூனில் தவணை தொடங்கும்போது மொத்தம் சுமார் 8,00,000 ரூபாயாக நின்றது. செயலி அந்தப் பத்தாயிரத்தையும் வட்டியில் கூட்டிக் காட்டுகிறது. அப்புறம், 28.02.2025 அன்று போனஸ் பணத்திலிருந்து 50,000 ரூபாய் தனியாகக் கட்டினேன், அது அசலில் கழிந்ததால் மார்ச் மாத வட்டி 400 ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கிறது, ஜனவரித் தாளில் இது வர வழியில்லை.

80இ பிரிவில் கழிவு கிடைப்பது அந்த வருடம் கட்டிய வட்டிக்குத்தான், கணக்கில் ஏறிய வட்டிக்கு அல்ல. என் கணக்குப்படி பத்துத் தவணையும் தனியாகக் கட்டியதும் சேர்த்து வருடத்தில் நான் செலுத்தியது 1,56,000 ரூபாய், அதில் வட்டி ஏறக்குறைய 64,700. தினசரி நிலுவையை வைத்து நீங்கள் போடும் கணக்கில் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம், உங்கள் புத்தகத்தில் இருப்பதையே போடுங்கள். ஆனால் 75,160 வேண்டாம். நான் கட்டாத பணத்துக்குக் கழிவு கேட்டு, நாளை வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்தான். குறைந்த தொகையாக இருந்தாலும் சரியான தொகைதான் எனக்கு வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி. மொரட்டோரியத்தில் சேர்ந்த வட்டி சுமார் 2,00,000 ரூபாய். தவணையிலிருந்து எதையாவது அந்தப் பழைய வட்டிக்கு என்று உங்கள் கணக்கில் வரவு வைக்கிறீர்களா, இல்லை அது முழுவதும் அசலாகவே மாறிவிட்டதா? அறிக்கையைப் பார்த்து என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அப்படி வரவு வைத்திருந்தால் சான்றிதழில் அதைத் தனி வரியாகக் காட்டுங்கள், நடப்பு வட்டியோடு கலந்துவிட வேண்டாம். எங்களுக்கு மத்திய அரசின் வட்டி மானியம் கிடைக்கவில்லை (அப்பாவின் வருமானம் வரம்பைத் தாண்டியிருந்தது), அதனால் மானியக் கணக்கு எதுவும் இதில் குறுக்கே வராது.

சான்றிதழில் என்னென்ன இருந்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறுபடி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இந்த வருட ரிட்டர்ன் படிவத்தில் 80இ கேட்பவர்கள் வங்கியின் பெயர், கடன் கணக்கு எண், அனுமதியான தேதி, மொத்தக் கடன் தொகை, மார்ச் 31 அன்று இருந்த நிலுவை, கட்டிய வட்டி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் வட்டித் தொகையைப் போட்டால் போதும் என்று அலுவலகத்தில் சீனியர்கள் சொல்கிறார்கள், இப்போது அப்படியில்லை. ஆகவே இவை ஆறும், என் பெயரும் அப்பா பெயரும், வட்டியும் அசலும் தனித்தனியாக, கடன் உயர்கல்விக்காக வாங்கியது என்ற ஒரு வரி, இவ்வளவும் ஒரே தாளில் வந்தால் போதும்.

நான் பழைய வரி முறையில் இருக்கிறேன், புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது. வாடகைப் படி, 80சி, அதோடு இந்த வட்டி எல்லாம் சேர்ந்தால்தான் பழைய முறை எனக்குக் கட்டுபடியாகிறது. 20 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் போட்டால் 64,700 ரூபாய் வட்டிக்கு எனக்குத் திரும்பி வர வேண்டியது 13,450 ரூபாய்க்கு மேல். ஒரு மாதத் தவணையைவிட அதிகம் சார். வந்தால் அதையும் இதே கடனில்தான் கட்டப்போகிறேன். ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள் இந்த வருடம் செப்டம்பர் 15 வரை தள்ளிப் போயிருக்கிறது, பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குள் நடந்தாக வேண்டும். ஆனாலும் கடைசி வாரம் வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. ஜூலை 5-க்குள் கொடுத்தால் நிம்மதியாகத் தாக்கல் செய்துவிடுவேன்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். வட்டி கட்டத் தொடங்கிய முதல் வருடமும் அதைத் தொடர்ந்து ஏழு வருடங்களும்தான் இந்தக் கழிவு, அதற்குள் வட்டி தீர்ந்துவிட்டால் அதோடு சரி. எனக்கு 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதலாவது, 2032-33 கடைசி. என் கடன் பத்து வருடக் கடன், ஆக கடைசியில் எப்படியும் கழிவு இல்லாத வருடங்கள் வரும். வட்டி அதிகமாகப் போவது தொடக்கத்தில்தான். இந்த முதல் வருடத்தை ஒரு பெயர்ப் பிழைக்காக விட்டுவிட்டால் அந்த வருடம் பிறகு திரும்பக் கிடைக்காது. அதனால் சான்றிதழ் கொடுப்பதோடு, கணினியில் என் பெயரையும் பான் எண்ணையும் இந்தக் கடன் கணக்கோடு சேர்த்துவிடுங்கள். செய்துவிட்டால் அடுத்த ஜனவரியில் அலுவலகத்துக்கான தற்காலிகத் தாளையும் ஏப்ரலில் இறுதிச் சான்றிதழையும் நானே எடுத்துக்கொள்வேன், அப்பா வெயிலில் அலைய வேண்டியதில்லை. அவருக்கு மூட்டு வலி, படியேறுவது சிரமம்.

இந்தக் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன், கையெழுத்திட்ட பிரதியை அப்பா வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவருவார். பெற்றுக்கொண்டதற்கு நகலில் தேதியோடு முத்திரை போட்டுக் கொடுங்கள். சான்றிதழை அவரிடமே கொடுக்கலாம், ஸ்கேன் செய்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரி. ஏதாவது ஒரு ஆவணம் குறைகிறது என்றால் அவரைத் திருப்பி அனுப்பாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். கணக்கில் பதிவாகியிருக்கும் இரண்டாவது எண் என்னுடையது, பகலில் எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

இந்தக் கடன் இல்லையென்றால் என் படிப்பு இல்லை, அதை உங்கள் கிளைதான் கொடுத்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. சான்றிதழையும் சரியாகக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மு. நந்தினி
(கடன்தாரர்)

இணைப்பு: கடன் அனுமதிக் கடித நகல், 2020-இல் கொடுத்த உறுதிக் கடித நகல், எங்கள் இருவரின் பான் அட்டை நகல்கள், 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை தவணை போன என் சம்பளக் கணக்கு அறிக்கை, செயலியில் எடுத்த தற்காலிகத் தாள்.

இணைக் கடன்தாரரின் ஒப்புதல்:
மேலே என் மகள் எழுதியிருப்பது சரி. 2024-25-இல் இந்தக் கடனுக்கு நான் எதுவும் கட்டவில்லை, இந்த வட்டிக்கு என் வருமான வரியில் கழிவு கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. சான்றிதழில் அவள் பெயரைச் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

செ. முருகேசன்