ஆறு கடைகளுக்கான போட்டோ பேக்கேஜ்: எத்தனை படம், எவ்வளவு எடிட்டிங், யாருக்கு உரிமை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் மஞ்சக்குப்பத்தில் உங்கள் வீட்டு மாடியில் பேசியதை வைத்து இதை எழுதியிருக்கிறேன். குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும் இப்படியே அனுப்பிவிடுங்கள். தனித்தனியாகப் போனில் சொன்னால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகும்.

ஒருவருக்கு ஐந்து பொருள், பொருளுக்கு ஐந்து படம், ஆக 25 படம். எடிட்டிங்கும் சேர்த்து 3,500 ரூபாய். எனக்கு ஜி.எஸ்.டி பதிவு இல்லை, அதனால் அதற்கு மேல் வரி கிடையாது. புதுச்சேரியிலிருந்து நானே லைட், வெள்ளைத் துணி, மேஜை எல்லாம் கொண்டு வருகிறேன். ஒரே நாளில் மூன்று பேர் சேர்ந்தால் வண்டிச் செலவும் வேண்டாம்.

ஐந்து படம் போதுமா என்று சோப்பு விற்கும் தங்கை கேட்டார். போதும். முதல் படம் வெள்ளைப் பின்னணியில் நேராக. அமேசானில் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், எழுத்தோ லோகோவோ இருக்கக் கூடாது. அந்த விதிக்கு எடுத்துவிட்டால் மற்ற தளங்களுக்கும் பெரும்பாலும் அதே படம் ஓடும். இரண்டாவது பக்கவாட்டில் அல்லது பின்புறம். மூன்றாவது நெருக்கத்தில்: நெசவு, மண்ணின் சொரசொரப்பு, சோப்பின் வெட்டு. நான்காவது கையில் பிடித்தபடி, அளவு தெரிய. கம்மல் ஐந்து செ.மீ. என்று எழுதியிருந்தாலும் யாரும் ஸ்கேல் எடுத்துப் பார்ப்பதில்லை, ஒரு கை பக்கத்தில் இருந்தால் உடனே புரிந்துவிடும். ஐந்தாவது வீட்டுச் சூழலில், இன்ஸ்டாகிராமுக்கு ஏற்ற நீள வடிவில், 1080-க்கு 1350. மற்ற நான்கும் 2000-க்கு 2000 பிக்சலில் சதுரமாக வரும், பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

முந்திரியும் ஊறுகாயும் விற்கும் இருவருக்கு மட்டும் ஐந்தாவது படத்தை மாற்றுகிறேன். அவர்களுக்குச் சூழல் படத்தைவிட லேபிள் படம் முக்கியம்: எடை, விலை, தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் எல்லாம் படிக்கும்படி. லேபிளை அதற்கு முன்பே ஒட்டி வையுங்கள். பென்சிலில் எழுதிய லேபிளைப் படம் எடுத்துவிட்டு, பிறகு அச்சடித்ததை ஒட்டினால் மறுபடி நான் வர வேண்டியிருக்கும்.

புடவைக்கு ஒரு புடவைக்கு 150 ரூபாய் கூடும். இஸ்திரி போட்டு, முந்தானை, உடல், கரை, மடிப்பு என்று விரிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். ஒரே டிசைனில் வேறு நிறம் இருந்தால் நிறத்துக்கு ஒரு வெள்ளைப் பின்னணிப் படம், 100 ரூபாய். இதற்கு மேல் தனிப்படம் வேண்டுமென்றால் 120.

எடிட்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருத்தமெல்லாம் இங்கேதான் வருகிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு அரக்குப் புடவையை ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்த அறையில் எடுத்தேன். சிவப்பு தூக்கலாக வந்தது. அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன். வாங்கியவர்களில் மூன்று பேர் "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். போக வர கூரியர் காசு விற்றவர் தலையில்தான் விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளோடும் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து முதல் ஷாட் எடுக்கிறேன், அதை வைத்தே நிறத்தைச் சரிசெய்கிறேன். எடிட் முடிந்ததும் பொருளைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து நீங்களும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த விலையில் வருவது: பின்னணி வெள்ளையாக்குவது, தூசி, நூல், விரல் தடம் அகற்றுவது, நிறம், வெளிச்சம், நேராக்கி வெட்டுவது. வில்லியனூர்ச் சுடுமண் ஜிமிக்கியைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பொடி உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமரா காட்டிவிடும். ஒரு ஜோடிக்கு எடிட்டில் மட்டும் கால் மணி நேரம் போகிறது. முதல் நாள் ராத்திரியே மெல்லிய பிரஷ்ஷால் தட்டி வைத்தால் பெரிய உதவி.

செய்யாதது: உடைந்த நுனியை எடிட்டில் ஒட்ட மாட்டேன், நிறத்தைப் பளிச்சென்று ஏற்ற மாட்டேன். டபிள்யூ-320 முந்திரி விற்றால் டபிள்யூ-240 கிண்ணத்தைப் படம் எடுக்க மாட்டேன். அந்த எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதைத்தான் சொல்கிறது, 240 பெரிய பருப்பு, பிரித்துப் பார்த்ததும் வாங்கியவருக்குத் தெரிந்துவிடும். திருத்தம் ஒரு முறை இலவசம், ஏழு நாளுக்குள், எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி அனுப்புங்கள். இரண்டாம் முறைக்குப் படத்துக்கு 40 ரூபாய்.

அப்புறம் உரிமை. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. பல போட்டோகிராபர்கள் அந்த வேறு மாதிரி ஒப்பந்தத்தை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள், பெரிய விளம்பர வேலையில் அதற்கு நியாயம் உண்டு. உங்களுக்கு நான் அதைக் கேட்கப் போவதில்லை. படம் உங்களுடையது. எந்தத் தளத்திலும், நோட்டீசிலும், பேனரிலும், டப்பாவிலும், எத்தனை வருஷமும் போடலாம். மொத்தமாக வாங்கி விற்கிறவருக்குக் கொடுக்க வேண்டுமானாலும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், எழுத்தில் கொடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், உங்கள் படத்தை வேறொருவர் எடுத்துத் தன் கடையில் போட்டு மட்டமான பொருளை அனுப்பினால், உரிமையாளராக நீங்களே நேரடியாகத் தளத்தில் புகார் கொடுக்கலாம், என்னைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆதாரத்துக்குத் தேதியோடு அசல் கோப்புகளை ஒரு வருஷம் வைத்திருப்பேன். கேட்டால் தருவேன்.

பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: பொருள் விற்பனைக்கு வந்த பிறகு, ஒருவருக்கு மூன்று படம் என் பக்கத்தில் மாதிரிக்குப் போட அனுமதி, இரண்டு வருஷத்துக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம், விலை மாறாது. கம்மலைப் போட்டுக் காட்டும் படத்தில் யாருடைய முகமாவது தெரிந்தால் அவரிடம் ஒரு வரி சம்மதம் எழுதி வாங்கி வையுங்கள், சொந்தக்காரப் பெண்ணாக இருந்தாலும்.

நாள்: ஆவணி முதல் சனி, ஞாயிறு. மழைக்காலம் தொடங்கினால் மாடி அறையில் ஈரக்காற்றுக்குக் காகிதப் பெட்டியெல்லாம் வளையும், தீபாவளி ஆர்டருக்கும் நேரம் இருக்காது. சனிக்கிழமை சுடுமண் நகை விற்கும் இருவரும் சோப்பும், ஞாயிறு முந்திரி, ஊறுகாய், புடவை. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலைக்குள் 15 பொருள் முடியும். எட்டு நாளில் படங்கள் கூகுள் டிரைவில் வரும்.

முன்பணம் ஆளுக்கு 1,000 ரூபாய், மீதி படம் பார்த்துத் திருப்தியான பிறகு. மழையாலோ உடம்பு சரியில்லாமலோ நாள் மாறினால் முன்பணம் அப்படியே அடுத்த நாளுக்குப் போகும்.

புடவைக்கு 4,250, மற்ற ஐந்து பேருக்கும் தலா 3,500. சரி என்றால் ஆறு பேரும் எந்தெந்த ஐந்து பொருள் என்று வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஊறுகாய் பாட்டிலின் உயரத்தையும் மறக்காமல் கேளுங்கள், என் மேஜை சிறியது.

அன்புடன்,
லாஸ்பேட்டையிலிருந்து உங்கள் தம்பி