மொழியியல் அடிப்படைத் தாள்: ஒலிப்பிட அட்டவணை, ஒலிக்குறியில் எழுதும் பயிற்சி

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வராதவர்களுக்காக என் நோட்டை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன். சில இடங்களில் வகுப்பில் சொன்னதற்கு மேல் நானும் விளக்கம் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள்கூட ஒலிக்குறியில் எழுதச் சொன்னால் எழுத்தைத்தான் எழுதுகிறோம், வாயில் வருவதை எழுதுவதில்லை.

முதலில் மெய்கள்.

| இடம் | அடைப்பொலி | மூக்கொலி | மற்றவை |
|---|---|---|---|
| ஈரிதழ் | ப் [p] | ம் [m] | |
| இதழ்ப்பல் | | | வ் [ʋ] உயிர்ப்போலி |
| பல் | த் [t̪] | ந் [n̪] | |
| அண்பல் | ற்ற் [t] | ன் [n] | ல் [l] மருங்கொலி, ர் [ɾ] வருடொலி, ற் [r] ஆடொலி |
| நாமடி | ட் [ʈ] | ண் [ɳ] | ள் [ɭ] மருங்கொலி, ழ் [ɻ] உயிர்ப்போலி |
| அண்ணம் | ச் [tɕ] அடைப்புரசொலி | ஞ் [ɲ] | ய் [j] உயிர்ப்போலி |
| கடையண்ணம் | க் [k] | ங் [ŋ] | |

அண்பல் என்பது மேல்பல் வரிசைக்குப் பின்னால் நாக்கு தடவினால் தெரியும் மேடு. வால், வாள், வாழ் மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ல்-க்கு நுனி அந்த மேட்டில் நிற்கும், ள்-க்கு நுனி மடிந்து மேலே ஒட்டும், ழ்-க்கு மடியும் ஆனால் எங்கேயும் ஒட்டாது, அதனால்தான் அட்டவணையில் ழ்-க்கு மருங்கொலி என்று போடவில்லை. போன தேர்வில் நிறையப் பேர் மதிப்பெண் விட்டது இங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது தொல்காப்பியப் பிறப்பியல். 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்று அதில் இருக்கிறது, மேலே [ʋ] உட்கார்ந்திருக்கும் இதழ்ப்பல் கட்டம் அதுதான். க, ங இரண்டுக்கும் 'முதல்நா அண்ணம்' என்கிறது. முதல்நா என்றால் நாக்கின் அடிப்பகுதி, நுனி என்று எழுதிவிடாதீர்கள்.

உயிர்களுக்கு அதிகம் வேண்டாம். இ, எ, அ, ஒ, உ ஐந்தும், அவற்றின் நெடிலுக்கு [ː] குறியும் போதும். ஐ, ஔ கூட்டுயிர்.

சரி, இப்போது முக்கியமான பகுதி. அட்டவணையில் ஒரே ஒரு க்தான் இருக்கிறது, வாயில் குறைந்தது மூன்று இருக்கின்றன. விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லுங்கள்:

கல் [kal]
பக்கம் [pakːam]
பங்கு [paŋɡɯ]
பகல் [paɣal]

பங்கு-வில் மூக்கொலிக்குப் பிறகு வரும் க் அதிர்கிறது, பகல்-இல் அடைப்பே முழுதாக விழாமல் உரசிப் போகிறது (சிலர் வாயில் [h] போலவும் வரும்). [k], [ɡ], [ɣ] இந்த மூன்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து பொருளை மாற்றுவதில்லை, வருமிடம்தான் ஒலியை மாற்றுகிறது. அதனால் இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள். ஒலியனை /k/ என்று சாய்கோட்டுக்குள்ளும், வாயில் வருவதைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுத வேண்டும், இதைக் கலந்து எழுதினால் விடையே தவறு. அதே வழியில் ட்: பட்டம் [paʈːam], பண்டம் [paɳɖam], படம் [paɖam]. ஆனால் மனம், மணம் என்பதில் ன், ண் மாறினால் சொல்லே வேறு, ஆகவே அவை தனித்தனி ஒலியன்கள்.

கடைசி உகரத்தைக் கவனியுங்கள். பந்து என்னும்போது இதழ் குவிவதில்லை, அதனால் [ɯ]. பசு என்று வாசிக்கும்போது குவிகிறது, அதனால் [u]. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தது பந்து-வில் வரும் இந்த [ɯ]தான், அன்று மாத்திரையைத்தான் எண்ணினோம், இதழைப் பார்க்கவில்லை.

பயிற்சி. வாசிப்பு நடையில் சொல்லி எழுதவும் (பேச்சில் மரம் என்பதன் இறுதி ம் தேய்ந்து மூக்குயிராகிவிடும், அது அடுத்த வகுப்புக்கு).

1. தம்பி
2. மழை
3. அஞ்சு
4. காற்று
5. பள்ளி
6. அறை, அரை
7. தம்பி பழக்கடைக்குப் போனான்

விடைகளை மூடிவைத்துக்கொண்டு முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

1. [t̪ambi]
2. [maɻai]
3. [aɲdʑɯ]
4. [kaːtːrɯ]. யாழ்ப்பாணத்தவர் வாயில் கடைசி [r] இல்லாமல் [kaːtːɯ] என்று வரும், அட்டவணையில் ற்ற்-ஐ அண்பல் அடைப்பொலி என்று போட்டதற்கு அதுவே நேரடிச் சான்று.
5. [paɭːi]
6. [arai], [aɾai]. நம்மில் பலர் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், நானும் அப்படித்தான். தாளில் பிரித்து எழுதுங்கள்.
7. [t̪ambi paɻakːaɖaikːɯpːoːnaːn]. கடைக்குப் போனான் என்பதில் இரண்டு ப் சேர்ந்து ஒரே நீண்ட ஒலி, நடுவே இடைவெளி விடக்கூடாது.

ஏழாவதில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள், அதனால் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அதையே கரும்பலகையில் போட்டு ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்க்கப் போகிறோம், நோட்டோடு ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்து வாருங்கள்.