சாட் கருவியிடம் படம் கொடுத்தால்: இன்றைய பயிற்சித் தாள்

போனில் மூன்று படங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: புதுச்சேரி கடற்கரைச் சாலை காந்தி சிலை, பழைய தெருப் பெயர்ப்பலகை ஒன்று, வீட்டுக் கரண்ட் பில்.

முதலில் சிலை. படத்தை ஏற்றி, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். வர்ணித்துச் சொல்லும். சரி, அடுத்து தூண்களை எண்ணச் சொல்லுங்கள். சிலையைச் சுற்றி 8 கருங்கல் தூண்கள். படத்தில் ஒன்று மறைந்திருந்தாலும் சரி, தெளிவாகத் தெரிந்தாலும் சரி, கருவி எண்ணிக்கையில் தடுமாறலாம். கூசாமல் 6 என்று சொல்லிவிடும்! நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் பலகை. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தரும்; பிரெஞ்சு வரியைத் தமிழிலும் சொல்லும். வெயில் பட்டுப் பளபளக்கும் பலகையை நேராக நின்று எடுங்கள். கையெழுத்து என்றால் பிழை கூடும், குறிப்பாகத் தமிழ்க் கையெழுத்து.

மூன்றாவது, படத்தை வைத்துக் கேள்வி கேட்பது. "எத்தனை யூனிட்? கடைசித் தேதி எது?" பில்லில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, நுகர்வோர் எண் மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்த பிறகே படம் எடுக்க வேண்டும். போன வாரம் பாதிப் பேர் மறந்துவிட்டீர்கள்.